நடுராத்திரி 12.30 மணிக்குக் கூப்பிட்டா அது நோம்பி வாழ்த்தா?

பட்டிப் பொங்கல் அன்னைக்கு எங்க சொந்தக்காரங்க குரூப்புல நடந்தது இந்நேரம் உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். மெல்போர்ன்ல இருக்கற என் தங்கச்சி வீடியோ கால்ல அழுத அந்த ஸ்கிரீன்ஷாட்டுக்குக் கீழ சிரிக்கிற பொம்மை போட்டவங்க யார் யாருன்னும் எனக்குத் தெரியும். நாலு நாளா வாயைத் திறக்காமத்தான் இருந்தேன். நேத்து எங்கம்மா, "அம்மணி ஏஞ்சாமி குரூப்பை உட்டுப் போயிட்டாளாமா?"ன்னு கேட்டப்போ என்னால ஒரு பதிலும் சொல்ல முடியல. அதனால இங்க எழுதறேன்.

அன்னைக்குப் பொழுதோட 7 மணி. பட்டியில பொங்கல் இறக்கியாச்சு. சாணியில கட்டுன தெப்பக்குளத்தைக் கன்னுக்குட்டி மிதிச்சாச்சு. "பட்டி பெருக, பால் பானை பொங்க"ன்னு தட்டத்தைத் தட்டிக்கிட்டுச் சுத்தியும் வந்தாச்சு. அப்பத்தான் ஒருத்தருக்கு என் தங்கச்சி ஞாபகம் வந்து உடனே வீடியோ கால் போட்டாரு. இங்க 7 மணின்னா மெல்போர்ன்ல நடுராத்திரி 12.30. தை மாசத்துல அவங்க கடியாரம் நமக்கு அஞ்சரை மணி நேரம் முந்திப் போகுது. அவ எடுத்தா. இருட்டுல முகம் பாதிதான் தெரிஞ்சுது. பதினாலு பேரு ஒரே போனுக்குள்ள முகத்தை நுழைச்சு "தெரியுதா, தெரியுதா"ன்னு கத்துனாங்க. போனு மாட்டுப் பக்கம் போச்சு, வானத்தைப் பாத்துச்சு, யாரோ ஒருத்தர் தோளுக்குப் போச்சு. அவ என்னமோ கேட்டா, யாருக்கும் காதுல உழுகல. அவ அழுதா. "அழுகறா பாரு"ன்னு சிரிச்சுக்கிட்டே அதைப் படம் புடிச்சாங்க. அப்புறம் குரூப்புல "டாலர்ல அழுகறது எப்படி இருக்கும்"னு ஒருத்தர். "உன்னை யாரு போகச் சொன்னா"ன்னு இன்னொருத்தர்.

அவ ஏன் அழுதான்னு அந்தப் பதினாலு பேர்ல ஒருத்தராவது கேட்டீங்களா?

எங்கப்பா போன சேதி அவளுக்குப் போனது ராத்திரி 2 மணிக்கு. போன் பண்ணுனது நான்தான். மூணு வருசம் ஆச்சு. அதுல இருந்து ராத்திரியில நம்ம ஊர் நம்பர் வந்தா அவளுக்குக் கை நடுங்கும். அன்னைக்கு அவ எடுத்ததும் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "அம்மாவுக்கு என்னாச்சு?" அது உங்க சத்தத்துல கேக்கல. அம்மா முகம் தெரியற வரைக்கும் அவளுக்கு உசுரு கையில இல்ல. முகம் தெரிஞ்சதும் அழுதுட்டா. நீங்க சிரிச்சது அதைப் பாத்துத்தான். வெளிநாட்டுல இருக்கிறவங்க நடுராத்திரியில ஊர்ல இருந்து வர்ற போனை வாழ்த்துன்னு நினைச்சு எடுக்கறதில்லைங்க. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்றேன்: நேரம் கேக்காமக் கூப்படாதீங்க.

"சொந்தத்தைக் கூப்படறதுக்கு அப்பாயின்மெண்ட் வாங்கோணுமா?"ன்னு ஒரு பெரியவர் கேட்டிருக்காரு. வாங்கோணுமுங்க. பக்கத்து ஊர்ச் சம்பந்தி ஊட்டுக்குப் போறதா இருந்தாக்கூட "இந்தக் கிழமை வர்றோமுங்க"ன்னு முன்னாடியே சொல்லித்தான போறோம்? அந்த மரியாதை கடல் தாண்டிப் போனவளுக்கு மட்டும் எதுக்கு இல்லாமப் போகுது?

நேர வித்தியாசம் தெரியாதுன்னா அது தப்பில்ல. எனக்கும் ஆரம்பத்துல தெரியாது. அது வருசம் பூராவும் ஒரே மாதிரியும் இருக்காது. மெல்போர்ன்ல அக்டோபர் மாசம் முதல் ஞாயித்துக்கிழமை கடியாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைப்பாங்க, ஏப்ரல் முதல் ஞாயித்துக்கிழமை திருப்பி வைப்பாங்க. அதனால பொங்கலுக்கு அஞ்சரை மணி நேர வித்தியாசம்னா ஆடிப் பதினெட்டுக்கு நாலரைதான். நம்ம பங்குனிச் சாட்டு, கம்பம் நடறது, மஞ்சத் தண்ணி எல்லாம் அந்த மாத்தம் நடக்கற நாளை ஒட்டியே வந்து உழுகும். போன வருசம் நானே அதுல ஏமாந்து ஒரு மணி நேரம் தப்பாக் கூப்பிட்டிருக்கேன். இதுக்குப் பெரிய கணக்கெல்லாம் வேண்டாம். போன்ல கடியாரத்துக்குள்ள அவங்க ஊர்ப் பேரைச் சேத்து வச்சா அன்னைக்கு அங்க என்ன மணின்னு அதுவே காட்டும். கூப்படறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்தாப் போதும்.

இதுல நான் அனுபவிச்ச ஒண்ணைச் சொல்லோணும். கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருசம் நான் சிங்கப்பூர்ல வேலையில இருந்தேன். அப்ப வீடியோ கிடையாது. வீட்டுல ஒத்தை லேண்ட்லைன், அதோட ஒயரு கட்டுத்தரை வரைக்கும் எட்டாது. பட்டிப் பொங்கலுக்கு மறுநாள் நான் வேலை முடிஞ்சு வர்ற நேரத்தை எங்காத்தா எங்கப்பாகிட்டக் கேட்டு வச்சுக்கிட்டு அந்த நேரத்துக்குப் போன் போடச் சொல்லும். அது "நல்லா இருக்கியா, நோம்பிக்கு இல்லாமப் போயிட்டியே"ன்னெல்லாம் சொன்னதே இல்ல. "செவலைக்கு நீ வாங்கிக் குடுத்துட்டுப் போன சலங்கைதான் கட்டுனோம். கொம்புக்கு பச்சைப் பெயிண்டு. கிடாரிக் கன்னு தெப்பக்குளத்தை மிதிக்காமத் தாண்டிக் குதிச்சுப் போட்டுது, உங்கப்பன் மறுபடியும் புடிச்சுட்டு வந்தான்." இவ்வளவுதான் சொல்லும். நாலே நிமிசம். போனை வச்சதுக்கப்புறம் நான் கட்டுத்தரையில நின்னுக்கிட்டு இருந்த மாதிரி இருக்கும். என்னோட சலங்கை அங்க சத்தம் போட்டிருக்குது. நான் இல்லைன்னு அது சொல்லல. நான் இருந்தேன்னு சொல்லுச்சு.

இப்ப நம்ம குரூப்புல வர்றது என்ன? ரெண்டு கரும்பு, ஒரு பானை, கீழ யாரோ எழுதுன நாலு வரி. அதையே அமெரிக்காவுல இருக்கற அண்ணனுக்கும் துபாய்ல இருக்கற மாமனுக்கும் தாட்டி உட்டுட்டு வாழ்த்துச் சொல்லியாச்சுங்கறோம். அதுல அவங்க பேரே இருக்காது. இல்லைன்னா "நீ இல்லாம நோம்பி நோம்பியாவே இல்ல"ங்கறது. நீங்க பாசமாத்தான் சொல்றீங்க, எனக்குத் தெரியும். ஆனா அங்க அன்னைக்கு வேலை நாள். அவ காலையில எந்திரிச்சு ஆபீசுக்குப் போய், பொழுதோட வந்து குக்கர்ல பொங்கல் வச்சு, பசங்களுக்கு "காப்புக் கட்டுறதுன்னா என்ன"ன்னு சொல்லிக் குடுத்துட்டுப் படுத்திருக்கா. அவகிட்டப் போய் "நீ இல்லைன்னு அம்மா சாப்படவே இல்ல"ன்னா, அந்த வெசனத்தை அவ எங்க கொண்டுபோய் வைப்பா?

இந்த வருசம் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை வச்சுக் கட்டுன காப்பை ஒரு கவர்ல போட்டு அனுப்பலாம்னு எனக்கு ஒரு ஆசை. கேட்டதுக்கு "வேண்டாக்கா"ன்னுட்டா. ஆஸ்திரேலியாவுக்குள்ள காஞ்ச பூவோ இலையோ விதையோ அப்படியே உள்ள உட மாட்டாங்க. பூச்சியும் நோயும் வந்து அவங்க வெள்ளாமையைக் கெடுத்துரும்னு புடிச்சு வச்சு அழிச்சிருவாங்க. ஒரு கொத்துப் பூளைப்பூக்கூடப் போகாத ஊர்ல இருக்கறவளுக்கு நாம அனுப்ப முடியறது பேச்சும் படமும்தான். அதையும் இப்படிக் கெடுக்கலாமா?

"அப்பத்தான பட்டி நடக்குது, நாளைக்குக் கூப்பிட்டு என்னத்தைக் காட்டறது?"ங்கறாங்க. இது நியாயமான கேள்விதான். ஆனா பட்டிக்குள்ள வீடியோ கால் எடுபடறதில்ல, நீங்களே பாத்தீங்க. தோட்டத்துல டவர் பாதிதான் கிடைக்கும். பொழுது எறங்குனா படம் கருத்துப் போயிரும். போன் பேச்சுக் குரலை மட்டும் புடிச்சுக்கிட்டுத் தட்டத்தையும் சலங்கையையும் வேண்டாத சத்தம்னு அமுக்கியும் உட்டுரும். அதையே போனைப் படுக்க வச்சுப் புடிச்சு, ஒரே இடத்துல நின்னு, யாரும் குறுக்க பேசாம 40 செகண்டு வீடியோவா எடுத்து அனுப்புனா அவ காலையில எந்திரிச்சுப் பாப்பா. பத்துத் தடவை பாப்பா. பசங்களுக்கும் காட்டுவா. பேசறதுக்கு வேற நாள் வச்சுக்கலாம்.

"ஜனவரியில அங்க ஸ்கூல் லீவுதான, வந்திருக்கலாமே"ன்னு சொன்னவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். லீவுங்கறதாலதான் டிக்கெட் ஆனை விலை. நாலு பேரு. வர்றதுன்னா ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா, அதுவும் சேத்து வச்சு. அப்பா காரியத்துக்குக் கடன் வாங்கி வந்தவ அவ. அவ எப்ப வரோணும்னு சொல்றதுக்கு, அன்னைக்கு அவகூட நின்னவங்களுக்கு மட்டும் உரிமை இருக்குது. அம்மாவுக்கு வருத்தம் இல்லையான்னு கேக்கறீங்க. இருக்குது. அம்மா தினமும் அவ போட்டோவைத் தொடச்சு வைக்குது. அதுக்கும் உங்க ஸ்கிரீன்ஷாட்டுக்கும் என்ன சம்பந்தம்? எங்கம்மா வருத்தத்தை எங்க தங்கச்சி மேல எறியற கல்லா யாரும் எடுக்காதீங்க.

நேத்து ராத்திரி நான் அவளுக்கு ஒரு செய்தி போட்டேன். ஏன் குரூப்பை உட்டுப் போனேன்னும் கேக்கல, வருத்தப்படாதன்னும் சொல்லல. அப்படியே இங்க போடறேன், இதை யாரும் எடுத்துக்கலாம்:

"அம்மணி, இந்த வருசம் அப்பாவோட பழைய துண்டைத்தான் பூச்சிக் காளைக்கு மேல போட்டோம். நீ போனப்போ நட்டு வச்ச முருங்கை கட்டுத்தரைக்கு நல்லா நிழல் குடுத்துச்சு. பட்டி சுத்தறதை ஒரு நிமிசம் எடுத்து வச்சிருக்கேன், அனுப்பறேன், நேரம் கிடைக்கறப்பப் பாரு. வர்ற சனிக்கிழமை உங்க மத்தியானம் 2 மணிக்கு, இங்க காலையில 8.30, அம்மாவும் நானும் மட்டும் உன்னைப் பாத்துப் பேசலாமான்னு இருக்கோம். தோதுப்பட்டாச் சொல்லு. இல்லைன்னாலும் ஒண்ணுமில்ல, அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"பாசம்னா இவ்வளவு யோசிச்சா பேசோணும்?"னு கேக்கப் போறீங்க. உங்களுக்குப் பாசம் இல்லைன்னு நான் சொல்லவே இல்லைங்க. பதினாலு பேரும் அவளைத் தூக்கி வளத்தவங்கதான். அதனாலதான் எனக்கு இவ்வளவு வலிக்குது. ஊரான் சிரிச்சிருந்தா நான் ஒரு வரி எழுதியிருக்க மாட்டேன். அந்தப் படத்தை உங்க போன்ல இருந்து அழிச்சிருங்க. அவகிட்ட யாரும் போன் பண்ணி விளக்கம் சொல்ல வேண்டாம், முக்கியமா ராத்திரியில வேண்டாம்.

காலையில அவ பதில் வந்திருந்துச்சு. "சனிக்கிழமை சரிக்கா. பசங்களும் இருப்பாங்க. அம்மாவை வீட்டுக்குள்ள வேண்டாம், கட்டுத்தரையில சேரைப் போட்டு உக்கார வை. செவலை மக பின்னாடி நிக்கட்டும்."

செவலை மகளுக்குச் சனிக்கிழமை காலையில சலங்கை கட்டணும்னு அம்மா இப்பவே என்னை அட்டாலியில ஏறச் சொல்லி அந்தப் பழைய டப்பாவைத் தேடிக்கிட்டு இருக்குது.