உரிமம் இருக்கிறது, சரி, யாருடைய உரிமம்?
“அரசு உரிம எண் உள்ள ஏஜென்ட் என்றால் முன்பணம் கொடுக்கலாம்” என்று வெளிநாட்டு வேலைக்கும் படிப்புக்கும் அனுப்பும் ஏஜென்ட்கள் பற்றிய கட்டுரை ஒன்றில் இருக்கிறது. ஏமாற்றுவதே அந்த எண்ணைக் காட்டித்தான். ஊரில் இருக்கும் சப்-ஏஜென்ட், சென்னையிலோ மும்பையிலோ உள்ள வேறு நிறுவனத்தின் உரிம நகலை லேமினேட் செய்து மேசைமேல் வைத்திருப்பார். நகல் உண்மை, அவருக்கும் அதற்கும் தொடர்பு இருக்காது. மத்திய அரசின் emigrate.gov.in தளத்தில் அந்த எண்ணைத் தேடி, உரிமம் நடப்பில் உள்ளதா, நிறுத்தி வைக்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள். பிறகு விசிட்டிங் கார்டில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, தளத்தில் உள்ள எண்ணுக்கே போன் செய்து, ‘இந்த ஊரில் இன்னார் உங்கள் ஆளா, இந்தக் கம்பெனிக்கு நீங்கள்தான் ஆள் எடுக்கிறீர்களா’ என்று கேளுங்கள். போலி என்றால் பெரும்பாலும் இங்கேயே தெரிந்துவிடும். அடுத்தது பணம். சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி மட்டும்; ரசீதும் தர வேண்டும். “விசாவுக்கு ஒன்றரை லட்சம், ஜிபே பண்ணுங்க” என்று தனிநபர் பெயரில் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். இன்னொன்று, இந்த உரிமம் வேலைக்கு ஆள் அனுப்ப மட்டுமே. படிப்பு விசா ஏஜென்ட் இதைக் காட்டினால் அது எதற்கும் சான்றல்ல. அவர் அந்தக் கல்லூரியின் பிரதிநிதியா என்று கல்லூரிக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்க வேண்டும்.