சாப்பிட்டது நீங்கள், கூச்சம் மட்டும் எனக்கா?

பணம் தரவேண்டியவர் நாற்காலியில் சாய்ந்து நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். பணம் வரவேண்டிய நான், அவர் மனம் நோகாமல் எப்படிக் கேட்பது என்று மெசேஜை அடித்து அடித்து அழித்துக்கொண்டிருக்கிறேன். இது எந்த ஊர் நியாயம்? என் கையிலிருந்து போன பணத்தை நான் திருப்பிக் கேட்பதற்கு எனக்கு ஏன் தொண்டை அடைக்க வேண்டும்?

நடந்தது இதுதான். டீமில் ஒருவர் வேலையை விட்டுப் போகிறார் என்று எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போனோம். மொத்தம் எட்டுப் பேர். போகிறவரிடம் காசு வாங்கக்கூடாது, அவர் பங்கை மற்ற ஏழு பேரும் பகிர்ந்துகொள்வது என்று கிளம்பும்போதே பேசி வைத்தாயிற்று. சாப்பிட்டு முடித்ததும் பில் வந்தது. அந்த நேரம் பார்த்து அத்தனை பேருக்கும் போனில் அவசர வேலை வந்துவிடுகிறது. பில் கொண்டுவந்தவர் பக்கத்திலேயே நிற்கிறார், பின்னால் இடத்துக்கு ஆள் காத்திருக்கிறார்கள். அப்போது எங்கள் டீமின் சீனியர் ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்க மொத்தமா போட்டுடுங்க, ஆபீஸ் போனதும் கணக்குப் பார்த்து அனுப்பிடறோம்" என்றார். கவனித்துக்கொள்ளுங்கள், சொன்னது அவர். நான் கார்டைக் கொடுத்தேன்.

அன்று மாலைக்குள் மற்றவர்கள் எல்லோரும் அனுப்பிவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த பெண், இருப்பவர்களிலேயே குறைவான சம்பளம் வாங்குபவர், நான் கணக்கு அனுப்பிய கையோடு அனுப்பிவிட்டார். அனுப்பாதவர் ஒரே ஒருவர். யார் என்று நான் சொல்லவே வேண்டாம்.

முதலில் குரூப்பில், "பாக்கி உள்ளவர்கள் அனுப்பிவிடவும்" என்று போட்டேன். இப்படிப் பொதுவாகப் போடுவதால் என்ன ஆகிறது தெரியுமா? ஏற்கெனவே கொடுத்தவர்கள்தான் பதறுகிறார்கள். "என்னோடது வந்துச்சா?" என்று தனியாக வந்து கேட்கிறார்கள், ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார்கள். கொடுக்கவேண்டியவர் அதைப் படித்துவிட்டு, யாரோ தராமல் இருக்கிறார்கள் போல என்று கடந்து போய்விடுகிறார். பெயர் இல்லாத மெசேஜ் நாணயமானவர்களை மட்டும்தான் உறுத்தும்.

அப்புறம் நேரில் பதில்கள் ஆரம்பித்தன. "அட, மறந்தே போச்சு, சாயங்காலம் போட்டுடறேன்." சாயங்காலம் வந்து போயிற்று. "ஆப் ஏதோ தகராறு பண்ணுது." மற்ற எல்லாவற்றுக்கும் அதே ஆப் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. "இது கம்பெனி கணக்குல வராதா?" இதைக் கேட்டபோதுதான் எனக்கு உச்சி வரை ஏறியது. கம்பெனி கொடுப்பதாக இருந்தால் அதற்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும், பில்லை இணைத்து விண்ணப்பிக்க வேண்டும் என்பது எங்கள் எல்லோரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்களின் விண்ணப்பங்களில் கையெழுத்துப் போடுபவரே அவர்தான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது இன்னொன்று. "விடுங்க, அடுத்த தடவை நான் பார்த்துக்கறேன்." பெருந்தன்மை மாதிரி காதில் விழுகிற இந்தப் பேச்சைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். அடுத்த தடவை எப்போது? தெரியாது. எவ்வளவு? தெரியாது. அப்போது நான் வருவேனா? அதுவும் தெரியாது. அடுத்த சாப்பாட்டில் மீதமிருக்கிற ஏழு பேருக்கும் இவரே கொடுத்தால், எனக்குத் தரவேண்டிய பணம் மற்ற ஐந்து பேரின் வயிற்றுக்குத்தானே போகும்? இவருக்குக் கடன் என்னிடம், டீமிடம் இல்லை. அதற்கு மேல், இதற்கு நான் தலையாட்டிவிட்டால் விஷயம் அன்றோடு முடிந்துபோயிற்று. மறுபடி கேட்டால், "அதான் அடுத்த தடவைன்னு பேசிட்டோமே" என்று நான்தான் பேச்சு மாறியவன் ஆவேன். அதனால் அங்கேயே, "இல்லைங்க, இதை இதோட முடிச்சுடலாம், அடுத்தது அடுத்த தடவை பார்ப்போம்" என்று சொல்லிவிட்டேன். முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

"சின்னத் தொகைதானே" என்பார்கள். அவருக்குச் சின்னத் தொகை, ஏனென்றால் அவர் பார்ப்பது தன் பங்கை மட்டும். என் கார்டில் ஏறியது முழு பில். ஸ்டேட்மெண்ட் வந்துவிட்டது, அதற்கு ஒரு கடைசித் தேதி இருக்கிறது. யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று வங்கி கேட்காது. முழுவதும் கட்டாமல் கொஞ்சம் நிறுத்தி வைத்தால் வட்டி ஓடும். பல கார்டுகளில் அந்த மீதிக்கு மட்டுமல்ல, அதற்கப்புறம் வாங்குகிற பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் போய்விடும். ஆக, அவர் பங்கை என் சம்பளத்திலிருந்து எடுத்துக் கட்டிவிட்டு, அவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்து வைத்திருக்கிறேன். அவ்வளவு சின்னத் தொகை என்றால் இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட வேண்டியதுதானே?

தனியாக ஒரு மெசேஜ் அனுப்பினேன். "மன்னிக்கணும்" கிடையாது, "முடிஞ்சா" கிடையாது, சிரிக்கிற பொம்மை கிடையாது. "டீம் சாப்பாட்டுக்கு உங்கள் பங்கு இன்னும் வரவில்லை. தொகையும் கணக்கும் பில் படமும் கீழே இருக்கின்றன. வெள்ளிக்கிழமை கார்டுக்குக் கட்டவேண்டும், வியாழக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள்." எந்தச் சாப்பாடு, எவ்வளவு, எப்படி வந்தது, எதற்குள் வேண்டும் என்பதெல்லாம் இருக்க வேண்டும். தொகை இல்லாமல் கேட்டால் "எவ்வளவுன்னு சொல்லுங்க" என்று ஒரு நாள் இழுப்பார்கள். தேதி இல்லாமல் கேட்டால் அதற்கு முடிவே கிடையாது. இத்தனைக்கும் அவரிடமிருந்து வந்த பதில் ஒரு கட்டைவிரல். வெறும் கட்டைவிரல்!

வியாழனும் போனது. மறுநாள் காலையில் அவர் மேசைக்கே போய் நின்றேன். குரலை உயர்த்தவில்லை. "இப்பவே அனுப்பிடுங்க, நான் நிக்கறேன்" என்றேன். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி சிரித்துக்கொண்டே, "இதுக்குப் போயா இவ்வளவு?" என்றார். ஆமாம், இதற்குத்தான். அனுப்பாமல் இழுத்தது அவர், ஆனால் நாலு பேர் முன்னால் அற்பமாய்த் தெரியவேண்டியது நானா? கேட்டவனுக்குக் கஞ்சன் பட்டம், கொடுக்காதவருக்கு "அவர் கொஞ்சம் மறதிக்காரர்" என்று சலுகை. இத்தனை பேரும் சேர்ந்து வளர்த்து வைத்திருக்கிற பழக்கம் இது.

அதோடு முடிந்ததா? இல்லை. அவர் அனுப்பிய தொகை நான் சொன்னதைவிடக் குறைவு. கேட்டால், "மெனுவில நான் சாப்பிட்டதுக்கு இவ்வளவுதான் போட்டிருந்தது, நீங்க எப்படி இதைவிட அதிகமா கேட்கறீங்க?" என்கிறார். இங்கேதான் எல்லா டீமிலும் தகராறு வருகிறது, அதனால் கணக்கையே சொல்கிறேன். சுலபமாக இருக்கட்டும் என்று, சாப்பிட்ட பொருட்களின் மொத்த விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி, சேவைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து பில்லின் அடியில் நின்றது 115. அப்படியானால் ஒவ்வொருவரும் தான் சாப்பிட்டதன் விலையை 1.15 ஆல் பெருக்க வேண்டும். இவர் சாப்பிட்டது 20 பங்கு, மேசையிலேயே அதிகம் இவருடையதுதான். 20 என்பது 23 ஆகிறது. வேலையை விட்டுப் போகிறவர் சாப்பிட்டது 14, அது வரியோடு 16.1, ஏழு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 2.3. ஆக இவர் தரவேண்டியது 25.3. இவர் அனுப்பியது 20. மீதி 5.3 யார் தலையில்?

வரியைச் சமமாகப் பிரித்திருக்கலாமே என்று இன்னொருவர் நடுவில் வந்து சொன்னார். எப்படிச் சமமாகப் பிரிப்பது? அந்தப் புதுப் பெண் சாப்பிட்டது 8 பங்கு. அவர் சாப்பாட்டுக்கு வரி 1.2 தான் வரும். சமமாகப் பிரித்தால் இவருடைய பெரிய தட்டுக்கு உரிய வரியில் ஒரு பகுதியை அந்தப் பெண் கட்ட வேண்டும். குறைவாகச் சாப்பிட்டவர், குறைவாகச் சம்பாதிப்பவர், முதலில் கொடுத்தவர். அவரிடமிருந்து எடுத்து சீனியருக்குத் தள்ளுபடியா? என் கையால் அந்தக் கணக்கைப் போட மாட்டேன்.

அடுத்து, "சரி, ஒரிஜினல் பில்லைக் காட்டுங்க" என்று வந்தது. பழைய பில்களைப் பார்த்திருப்பீர்கள், மை இல்லாமல் சூட்டில் எழுத்து வருகிற அந்த வழவழப்பான தாள். பர்ஸில் கிடந்து கிடந்து பாதி எழுத்து வெளுத்துப்போயிருந்தது. அது தெரிந்துதான் கேட்டாரோ என்னவோ, அதை நான் சொல்லப் போவதில்லை. ஆனால் கார்டைக் கொடுக்கும் முன்பே, மேசையிலேயே, மேலிருந்து கடைசி வரி வரை படம் எடுத்து வைத்திருந்தேன். முதலில் அனுப்பிய மெசேஜிலும் அதுதான் இருந்தது. மறுபடி அனுப்பினேன். கூட்டிப் பார்த்தார். தப்பு எதையும் காட்ட முடியவில்லை. "சரி பார்க்கலாம்" என்று எழுந்து போய்விட்டார்.

எத்தனை பேர் இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். சீனியர், நாளைக்கு நம் வேலையை மதிப்பிடப்போகிறவர், போனால் போகட்டும் என்று. அந்தப் பயம் இருக்கும் என்று தெரிந்தேதான் இவர் இப்படி நடந்துகொள்கிறார் என்று நினைக்கிறேன். தன் மேலாளர் பில் கட்டியிருந்தால் இவர் ஆப் தகராறு பண்ணியிருக்குமா? படி இறங்குவதற்குள் பணம் போயிருக்கும்.

அடுத்த மாதம் இன்னொரு சாப்பாடு இருக்கிறதாம், குரூப்பில் தேதி கேட்டிருக்கிறார்கள். நான் வருகிறேன் என்று போட்டுவிட்டு அதன் கீழேயே எழுதிவிட்டேன்: உட்கார்ந்ததும், ஆர்டர் சொல்வதற்கு முன்னாலேயே, தனித்தனி பில் வேண்டும் என்று சொல்லிவிடுவோம், முடியாது என்றால் கடைக்குள் இருக்கும்போதே எல்லோரும் அனுப்பிய பிறகுதான் கார்டு வெளியே வரும். ஐந்து பேர் சரி என்று உடனே போட்டார்கள். அவர் படித்துவிட்டார், பதில் இல்லை. அந்த 5.3 இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் மறுபடி அவர் மேசைக்குப் போவேன்.