"சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்றால் யாருடைய சொந்தம்?

நேற்று ராத்திரி அந்த ஆசிரியர்கள் குரூப்பில் நடந்ததை இங்கே பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள், முழுக்கதையைத் திரும்ப எழுதவில்லை. ஒருவர் காசு கொடுத்து வாங்கிய 40 பக்கக் கணக்கு ஒர்க்‌ஷீட் தொகுப்பு அப்படியே குரூப்பில் வந்து விழுந்தது. அந்தத் தொகுப்பைச் செய்து விற்பவர் வந்து, "இது விற்பனையில் இருக்கிறது, தயவுசெய்து நீக்கிவிடுங்கள்" என்று இரண்டே வரி எழுதினார். அதற்கு வந்த பதில்களைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. "ஒரு பிடிஎஃப்புக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" "பிள்ளைகள் படிப்பிலும் வியாபாரமா?"

நான் தொகுப்பைச் செய்தவர் பக்கம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவருடைய விற்பனைப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது மனசு கனத்துப்போனது. உரிமை பற்றி அங்கே இருந்தது ஒரே ஒரு வரி: "சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்."

ஒர்க்‌ஷீட்டும் பிளானரும் செய்து பிடிஎஃப்பாக விற்கும் நம் தொழிலில் எல்லாரும் யோசிக்காமல் ஒட்டும் வரி இது. வாங்குகிறவர் ஓர் ஆசிரியர் என்று வைத்துக்கொண்டு இதைப் படித்துப் பாருங்கள். அவர் அதை வாங்குவதே வகுப்பில் இருக்கும் 30 பிள்ளைகளுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கத்தான். அது சொந்தப் பயன்பாடா? எழுத்துக்கு எழுத்து பார்த்தால் கிடையாது. அப்படியென்றால் வாங்கிய அன்றைக்கே, நேர்மையாக வகுப்பு நடத்தியபடியே, அவர் விதியை மீறிவிடுகிறார். பொருளுக்கே பொருந்தாத விதியை யாரும் மதிக்க மாட்டார்கள். முதல் நாளே மீறவேண்டியிருந்த வரியைப் பக்கத்து வகுப்பு டீச்சர் கேட்கும்போது மட்டும் அவர் எப்படி நினைவில் வைத்திருப்பார்?

அதனால் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: நம்மிடம் வாங்குகிறவர் கொண்டுபோவது அனுமதியை. கோப்பு அந்த அனுமதியோடு வருகிற பொருள், அவ்வளவுதான். எதற்கு அனுமதி, எத்தனை பேருக்கு அனுமதி என்று எழுதாமல் விற்றால், பிறகு வருகிற சண்டையில் பாதி நம் பொறுப்பு.

நேற்றைய விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். அந்தப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு நான்கு பிரிவு, பிரிவுக்கு 30 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆசிரியருக்கான லைசென்ஸ் என்றால் அவர் தன் 30 பிள்ளைகளுக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கலாம். அடுத்த வருஷம் வருகிற புது 30 பேருக்கும் எடுக்கலாம். ஒரு பிள்ளை தாளைத் தொலைத்தால் இன்னொன்று எடுக்கலாம். தாள் எண்ணிக்கையை யாரும் எண்ணப் போவதில்லை, எண்ணவும் முடியாது. எண்ண வேண்டியது ஆசிரியர்களை. மற்ற மூன்று பிரிவுக்கும் அது வேண்டுமென்றால் இன்னும் மூன்று லைசென்ஸ். கூடுதல் லைசென்ஸை முதல் விலையைவிடக் குறைத்து வைப்பது நம்மில் பலர் செய்வதுதான். அதை அதே விற்பனைப் பக்கத்தில் தனித் தேர்வாக வைத்தால் போதும். நேற்று அந்தப் பக்கத்தில் அந்தத் தேர்வே இல்லை. நியாயமாக நடக்க நினைத்தவருக்கும் அதற்கு ஒரு வழி இல்லாமல்தான் இருந்திருக்கிறது.

எழுதுவது பெரிய வேலையும் இல்லை. வக்கீல் பாஷை வேண்டாம். வகுப்புக்கான தொகுப்பில் நான் எழுதச் சொல்வது இவ்வளவுதான்:

"இந்தத் தொகுப்பு ஓர் ஆசிரியருக்கானது. நீங்கள் பாடம் எடுக்கும் பிள்ளைகளுக்கு எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம், வரும் ஆண்டுகளிலும் எடுக்கலாம். பிரிண்ட் கடையில் கொடுத்தும் எடுக்கலாம். உங்கள் பிள்ளைகள் மட்டும் பாஸ்வேர்டு போட்டு நுழையும் ஆன்லைன் வகுப்பில் வைக்கலாம். கோப்பை வேறு ஆசிரியருக்கு அனுப்புவதற்கும், குரூப்பிலோ பொது இணையதளத்திலோ போடுவதற்கும், மாற்றி விற்பதற்கும் அனுமதி இல்லை. சக ஆசிரியருக்கு வேண்டுமென்றால் கூடுதல் லைசென்ஸ் வாங்கலாம்."

முதலில் என்ன செய்யலாம், பிறகுதான் என்ன கூடாது. இந்த வரிசை முக்கியம். எடுத்த எடுப்பில் தடை போட்டால் வாங்குகிறவர் அதற்குமேல் படிக்கமாட்டார்.

பிரிண்ட் கடை பற்றிய வரியை அனாவசியம் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். பக்கத்தின் அடியில் © குறி இருந்தால் சில கடைகளில் எடுத்துத்தர மறுப்பார்கள், அது அவர்கள் தங்களைக் காத்துக்கொள்வது. ஸ்பைரல் போட வேண்டிய வருஷப் பிளானரை வாங்கிய ஓர் அம்மா கடை வாசலில் நிற்கும்போது, காட்டுவதற்கு ஒரு வரி வேண்டும். பெற்றோருக்கான பிளானருக்கு அளவுகோலும் வேறு. ஒரு வீடு, அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் சரி. அதே அம்மா சாயங்காலம் காசு வாங்கிக்கொண்டு டியூஷன் எடுக்கிறார் என்றால், அந்தப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் லைசென்ஸ்தான். இதையும் எழுதிவிடுங்கள், எல்லாரும் கேட்கிற கேள்வி இது.

எங்கே எழுதுவது? மூன்று இடம். விற்பனைப் பக்கத்தில், வாங்கும் முன்பே கண்ணில் படும்படி. டவுன்லோட் ஆன பிறகு டிஜிட்டல் பொருளைத் திருப்பி வாங்க மாட்டோம் என்று சொல்கிறவர்கள் நாம்; நிபந்தனையை உள்ளே ஒளித்துவைத்துவிட்டு அப்படிச் சொல்வது அநியாயம். அடுத்து, பிடிஎஃப்பின் இரண்டாம் பக்கத்தில் முழு வாசகம். மூன்றாவது, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சின்ன எழுத்தில் உங்கள் பெயர், ஆண்டு, "ஓர் ஆசிரியர் லைசென்ஸ்" என்ற மூன்று சொற்கள். கோப்பு பிய்ந்தும் பரவும். எப்போதும் 40 பக்கத்தையும் அனுப்புவதில்லை, 17-ஆம் பக்கத்தை மட்டும் போட்டோ பிடித்தும் அனுப்புவார்கள். அந்த ஒற்றைப் பக்கத்திலும் செய்தவர் பெயர் இருக்க வேண்டும்.

"பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிடலாமே" என்று ஒருவர் கேட்டிருந்தார். பிடிஎஃப்பில் நகலெடுப்பதையும் மாற்றுவதையும் தடுக்கும் பூட்டைப் போடலாம்தான். ஆனால் அதைக் கழற்றுவது சுலபம், அனுப்புவதை அது தடுக்கவே தடுக்காது. தவறுதலாகப் பிரிண்ட் அனுமதியையும் பூட்டிவிட்டால் மாட்டிக்கொள்வது காசு கொடுத்தவர் மட்டும்தான். அதைவிட, வாங்குகிறவர் பெயரைப் பக்க அடியில் பதித்துத் தரும் வசதி உங்கள் விற்பனைத் தளத்தில் இருந்தால் அதை இயக்குங்கள். தன் பெயர் போட்ட கோப்பைக் குரூப்பில் போட ஒரு நொடியாவது யோசிப்பார்கள்.

இனி, "கல்விக்காக நகல் எடுக்கச் சட்டமே இடம் தருகிறது" என்ற வாதம். பல நாடுகளின் பதிப்புரிமைச் சட்டத்தில் கற்பித்தலுக்கு விலக்கு இருப்பது உண்மை, அதன் எல்லை நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் தன் வகுப்பில் பாடம் நடத்துவது வேறு, முகம் தெரியாத இருநூறு முந்நூறு ஆசிரியர்களுக்கு முழுத் தொகுப்பையும் கொடுப்பது வேறு. இரண்டாவதற்குக் கற்பித்தல் என்று பெயரிட முடியாது. "வாங்கிய புத்தகத்தை நண்பருக்குக் கொடுப்பதில்லையா?" என்றார் இன்னொருவர். கொடுத்தால் அந்தப் புத்தகம் உங்கள் கையில் இருக்காது. கோப்பு இருக்கும்.

"கூட்டல் கழித்தலுக்கு யாரய்யா சொந்தக்காரர்?" யாருமில்லை. ஒப்புக்கொள்கிறேன். கழித்தல் பயிற்சி என்கிற யோசனை யாருக்கும் சொந்தமாகாது, நீங்களும் உட்கார்ந்து ஒன்று செய்யலாம். அந்தப் பக்கத்தின் படமும் அமைப்பும் வாசகமும்தான் செய்தவருடையவை.

நான் சொல்கிறேன், உண்மையிலேயே உட்கார்ந்து ஒன்று செய்து பாருங்கள். கடன் வாங்காத ஈரிலக்கக் கழித்தல், ஒரு பக்கத்துக்கு 20 கணக்கு. மனசுக்கு வந்த எண்களைப் போட்டால் நிச்சயம் ஒன்றிரண்டு வழுக்கிவிடும். அந்தத் தொகுப்பின் முதல் பதிப்பிலும் அப்படி ஒன்று வழுக்கியிருந்தது, 17-ஆம் பக்கத்தில்: 52 − 17. மேலே 2, கீழே 7. கடன் வாங்காமல் கழிக்க முடியாது. கடன் வாங்கவே இன்னும் சொல்லித்தராத பிள்ளை அங்கே என்ன செய்யும்? ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 45 என்று எழுதிவைக்கும். விடைத்தாளில் 35 இருக்கும். பிள்ளைக்குத் தப்பு போடுவார்கள், தப்பு செய்தது தாள். இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு கணக்கிலும் ஒன்றாம் இடத்தை மேலும் கீழும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தொகுப்பைச் செய்தவர் பார்த்தார், 57 − 12 என்று மாற்றினார், விடைத்தாளையும் திருத்தினார், வாங்கிய அத்தனை பேருக்கும் புதுப் பதிப்பை அனுப்பினார்.

நேற்று குரூப்பில் விழுந்தது பழைய பதிப்பு. அதை இறக்கிக்கொண்டவர்களுக்குத் திருத்தம் போய்ச் சேர வழியே இல்லை, அவர்கள் யாரென்று செய்தவருக்குத் தெரியாது. "17-ஆம் பக்கத்தில் தப்பு இருக்கிறது, இதற்குத்தான் காசா?" என்று அவரையே கேட்டார்கள். காசு கொடுக்காத கோப்பை வைத்துக்கொண்டு. அதைப் படித்தபோதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"டீச்சர்கள் கைக்காசு போட்டு வாங்குகிறார்கள், அவர்களிடமா இப்படி?" என்பதில் நியாயம் இருக்கிறது, எனக்கும் அது வலிக்கிறது. வகுப்புக்கு வேண்டியதைப் பள்ளிதான் வாங்கித்தர வேண்டும். அதற்காகவே பள்ளி முழுமைக்கும் ஒரு லைசென்ஸ் வையுங்கள். பள்ளி வாங்கினால் உரிமை பள்ளியோடு இருக்கும், ஆசிரியர் மாறிப்போனாலும் அங்கேயே தொடரும். ஆசிரியர் தன் காசில் வாங்கினால் எந்தப் பள்ளிக்குப் போனாலும் அது அவரோடு போகும். ஆனால் பள்ளி தாங்க வேண்டிய சுமையை, தொகுப்பைச் செய்த ஒரு தனி மனுஷியின் தலையில் இறக்கிவைப்பது எப்படி நியாயம்?

கடைசியாக நம் ஆட்களுக்கு ஒன்று. அடுத்தவரைக் கேட்கும் முன் நம் கோப்பைத் திறந்து பார்ப்போம். அந்த ஆப்பிள் படம் எங்கிருந்து வந்தது? "வணிகமல்லாத பயன்பாட்டுக்கு" என்று போட்ட கிளிப்ஆர்ட்டை விற்பனைத் தொகுப்பில் வைக்கக்கூடாது. இலவசமாகக் கிடைத்த ஃபாண்ட்களிலும் சில விற்பனைக்கு ஆகாது. நோட்டோ சான்ஸ் தமிழ் போல SIL Open Font License உள்ள ஃபாண்ட் என்றால் பிடிஎஃப்பில் பதித்துத் தாராளமாக விற்கலாம். ஃபாண்ட் கோப்பை மட்டும் தனியாக விற்கக்கூடாது. எந்தப் படம், எந்த ஃபாண்ட், எங்கே எடுத்தது, என்ன லைசென்ஸ், எந்தத் தேதி என்று தொகுப்புக்கு ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் பக்கத்தையும் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அது பிறகு மாறிவிடலாம்.

குரூப் அட்மினுக்கு: கோப்பை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் விற்பனைப் பக்கத்தின் லிங்க்கைப் போடுங்கள். இன்று காலை தொகுப்பைச் செய்தவர் லைசென்ஸ் வரியை மாற்றிவிட்டார், கூடுதல் ஆசிரியர் தேர்வும் வந்துவிட்டது. ஏற்கெனவே இறக்கியவர்கள் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, 17-ஆம் பக்கத்தில் 52 − 17 என்பதை அடித்துவிட்டு 57 − 12 என்று எழுதிவிட்டு பிள்ளைகளிடம் கொடுங்கள். விடை 45.