தாலிய கழட்டச் சொல்றதுக்கு முன்னாடி அதுல தொங்கற ஊக்க பாருங்க

கம்பெனி ட்ரெஸ் கோட், மத அடையாளம்னு பேச்சு வந்தாலே நம்ம ஆளுங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சிடுறாங்க. "ரூல்னா ரூல், இஷ்டமில்லன்னா வேலைய விடு"ன்னு ஒரு கட்சி, "எங்க நம்பிக்கைல கை வைக்க நீ யாரு"ன்னு இன்னொரு கட்சி. நான் ஓசூர் பக்கம் பிஸ்கட், ஸ்நாக்ஸ் பண்ற ஃபேக்டரில ரொம்ப வருஷமா குவாலிட்டில இருக்கேன், லேடீஸ் சேஞ்ச் ரூம்ல யாரு என்ன போட்டுட்டு உள்ள போகலாம்னு பாக்கறதும் என் வேலைதான். அதனால எனக்கு இந்த ரெண்டு கட்சியுமே கொஞ்சம் எரிச்சல். ஏன்னா அந்த ரூல் எதுக்கு போட்டாங்கன்னு ரெண்டு பேருமே கேக்கறதில்ல.

எங்க இடத்துல ரூல் எதுக்குன்னா பெரும்பாலும் ஒரே பதில்தான், மாவுக்குள்ள எதுவும் விழக்கூடாது. ஹேர்நெட்ட முதல்ல போட்டுட்டு அப்புறம்தான் கோட் போடணும், மாத்தி போட்டா தலைமுடி கோட்டு மேல விழுந்து அப்படியே லைனுக்கு போயிடும். கோட்ல பட்டன் இருக்காது, பிரஸ் பண்ற மாதிரி இருக்கும், பட்டன் அறுந்து விழும்ல. இடுப்புக்கு மேல பாக்கெட்டும் கிடையாது, குனிஞ்சா பேனா விழும். இதுக்கெல்லாம் யாரும் சண்டை போட்டதில்ல. சண்டை வர்றது எங்கன்னா செவுத்துல ஒரு போர்டு இருக்கு பாருங்க, "நகை அணிய அனுமதி இல்லை"ன்னு, அங்கதான்.

கல்யாணம் முடிஞ்சு லீவுல இருந்து திரும்ப வந்த ஒரு பொண்ணு, கழுத்துல மஞ்ச கயித்துல தாலி, இன்னும் செயின்ல கோக்கல. சூப்பர்வைசர் போர்ட காட்டி கழட்டிட்டு லாக்கர்ல வைன்னுட்டாரு. அந்த பொண்ணு ஒரு வார்த்தை எதிர்த்து பேசல, அப்படியே பெஞ்சுல உக்காந்துருச்சு, கண்ணுல தண்ணி. அவரு மேலயும் முழுசா தப்பு சொல்ல முடியாது, போர்டுல அப்படித்தான் எழுதிருக்கு. ஆனா சட்டத்துல அப்படி இல்ல. உணவு பாதுகாப்ப பாக்கற மத்திய அரசு அமைப்பு எஃப்எஸ்எஸ்ஏஐ, அதோட 2011 லைசென்ஸ் விதிகள்ல நாலாவது ஷெட்யூல்னு ஒண்ணு இருக்கு, சுத்தம் சம்பந்தமான எல்லாம் அதுலதான் வரும். அது சொல்றது சாப்பாட்டுல விழக்கூடிய மாதிரி லூசா இருக்கற நகைய பத்தி. லூசா இருக்கறதுங்கறத எடுத்துட்டு எல்லா நகையும்னு ஆக்குனது போர்டு எழுதுன ஆளு.

சரி, தாலியால என்னதான் ஆபத்து? மூணு இருக்கு. அறுந்தோ கழண்டோ மாவுல விழலாம். குனியும்போது வெளிய தொங்கி ரோலர்ல மாட்டலாம், இது உசுருக்கே ஆபத்து. அப்புறம் அடிக்கடி கையால தொட்டு, அதே கையால பிஸ்கட்ட தொடறது. இந்த மூணுக்கும் கழட்டித்தான் ஆகணுமா? கயிறு உள்ள பனியனுக்குள்ள போயிட்டு, கழுத்து வரைக்கும் மூடுற கோட் மேல வந்துட்டா மூணுல ரெண்டரை தீந்துடும்.

ஆனா அன்னிக்கு நான் கவனிச்சது வேற. எங்ககூட வேலை செய்ற ஒரு வயசான அக்காதான் அத காட்டுனாங்க. "மேடம், தாலிய விடுங்க, அதுல என்ன மாட்டிருக்கான்னு பாருங்க"ன்னாங்க. பாத்தா மூணு ஊக்கு. நம்ம வீட்டு பொம்பளைங்க கழுத்துல பாருங்க, அம்மா, அத்தை எல்லாரும், சேலைக்கு ஆகும்னு தாலில ஊக்கு மாட்டி வெச்சிருப்பாங்க. தாலி குண்டு விழறதுக்கு முன்னாடி இந்த ஊக்குதான் விழும், கூர்மையானது, பிஸ்கட்டுக்குள்ள போயிட்டா அவ்வளவுதான், மெட்டல் டிடெக்டர்ல சிக்கினா சிக்குச்சு. ஊக்குல சாமியும் இல்ல சாங்கியமும் இல்ல, அத கழட்டச் சொன்னா யாரும் அழப்போறதில்ல. அந்த பொண்ணு உடனே கழட்டி கொடுத்துருச்சு. இப்ப சேஞ்ச் ரூம்ல ஊக்குக்குன்னே ஒரு டப்பா வெச்சிருக்கோம், போகும்போது போட்டுட்டு வரும்போது எடுத்துக்கலாம்.

இன்னொண்ணும் சொல்லணும். மெட்டல் டிடெக்டர் இருக்கறதால தங்கம்தான் பெரிய பிரச்சனைன்னு எல்லாரும் நினைக்கறாங்க. லைன்ல டெஸ்ட் பண்ண இரும்பு, இரும்பில்லாத உலோகம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு மூணு விதமா சின்ன சின்ன குண்டு வெச்ச பீஸ் விட்டு பாப்போம், உலோகம்னா மாட்டும். ஆனா கையில கட்டற சிவப்பு கயிறு, ஸ்டிக்கர் பொட்டு, இதெல்லாம் எந்த மெஷின்லயும் மாட்டாது. கஸ்டமர் வாயிலதான் மாட்டும். அதனாலதான் கைல வெட்டுப்பட்டா நாங்க ஒட்டற பிளாஸ்திரி நீல கலர்ல, உள்ள உலோக பட்டை வெச்சு வருது, கண்ணுக்கும் தெரியணும் மெஷினுக்கும் தெரியணும். ஆக எங்களுக்கு தங்கத் தாலிய விட கோயில் கயிறு பெரிய தலைவலி. மணிக்கட்டுல இருந்தா கை கழுவும்போதெல்லாம் நனைஞ்சு அழுக்கு பிடிச்சு இத்துப்போய் நூல் நூலா பிரியும். இங்க நான் ரூல் பக்கம்தான், மணிக்கட்டுல கயிறு கூடவே கூடாது. ஆனா கத்தரிக்கோல தூக்கிட்டு போகல. "முழங்கைக்கு மேல கட்டிக்கோங்க, இல்ல இடுப்புல கட்டிக்கோங்க"ன்னோம். தாயத்த நம்ம ஆளுங்க காலங்காலமா புஜத்துலயும் அரைஞாண்லயும்தானே கட்டறாங்க, யாருக்கும் மனசு கஷ்டமே வரல. பொட்டும் அப்படித்தான், ஸ்டிக்கர் வேணாம், வகிடுல குங்குமம் வெச்சுக்கோங்க, ஹேர்நெட்டும் மேல குல்லாவும் மூடிரும்.

முஸ்லிம் பொண்ணுங்க ஹிஜாபுக்கு பெரிய பஞ்சாயத்து நடக்கும்னு எச்ஆர் பயந்துட்டு இருந்தாங்க. எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, ஏன்னா நாங்க எல்லாருக்கும் கொடுக்கறதே தலை, காது, கழுத்து எல்லாம் மூடற குல்லாதான், அந்த பொண்ணுங்க கேக்கறதும் அதேதான். பிரச்சனை ரெண்டே ரெண்டு, பின்னு, அப்புறம் வெளியில இருந்து பஸ்ல போட்டுட்டு வந்த துணி. பின் இல்லாம தலை வழியா மாட்டற மாதிரி கம்பெனியே தச்சு கொடுத்து, கோட்டோட சேத்து கம்பெனி லாண்டரிலயே துவைச்சிட்டா முடிஞ்சுது. வீட்டு துணி உள்ள வரக்கூடாதுங்கறது எல்லாருக்கும் உள்ள ரூல்தானே.

எனக்கு கோவம் வர்றது வேற இடத்துல. ஏற்றுமதிக்கு போற கம்பெனிங்க பிஆர்சின்னு ஒரு உணவு பாதுகாப்பு ஸ்டாண்டர்ட் வாங்கும், இங்கிலாந்துல எழுதுனது. அதுலயும் நகை கூடாது, ஆனா கல்லு இல்லாத கல்யாண மோதிரம் போட்டுக்கலாம், கல்யாணத்துக்கு போட்ட கைவளையமும் போட்டுக்கலாம், நோய் விவரம் எழுதிருக்கற மெடிக்கல் அலர்ட் நகையும் ஓகே. அதாவது எழுதுனவங்க ஊர்ல கல்யாணத்துக்கு விரல்ல மோதிரம், அது விலக்கு லிஸ்ட்ல வந்துருச்சு. மாவுல கை வைக்கற விரல்ல இருக்கற மோதிரம் பரவால்ல, கோட்டுக்குள்ள மூடி இருக்கற தாலிய பத்தி லிஸ்ட்ல ஒண்ணும் இல்ல, ஆடிட்டர் வந்தா அதுக்கு தனியா விளக்கம் கொடுக்கணும். எந்த ரூலும் வானத்துல இருந்து விழல, எழுதுனவன் யாரோ அவன் பழக்கத்துக்கு முதல்ல இடம் விட்டுட்டுதான் எழுதறான்.

2024 ஜூன்ல ராய்ட்டர்ஸ்ல ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் பத்தி ஒரு செய்தி வந்துச்சு ஞாபகம் இருக்கா, ஐஃபோன் அசெம்ப்ளி வேலைக்கு கல்யாணமான பொண்ணுங்கள எடுக்கறதில்லன்னு. கம்பெனி அத மறுத்துச்சு, எங்ககிட்ட கல்யாணமானவங்களும் வேலை செய்றாங்க, உலோகம் போட்டுட்டு உள்ள வரக்கூடாதுங்கறது எல்லாருக்கும் உள்ள பாதுகாப்பு ரூல்னு அரசாங்கத்துக்கு பதில் சொல்லுச்சு. அந்த கம்பெனில உள்ள என்ன நடந்துச்சுன்னு நான் தீர்ப்பு சொல்ல வரல. ஆனா பொதுவா உலோகம் கூடாதுன்னு ஒரு ரூல் போட்டா நம்ம ஊர்ல அது முதல்ல யாரு கழுத்துல, யாரு கால்விரல்ல போய் விழும்னு யோசிச்சு பாருங்க. தாலி, மெட்டி. ஆம்பளை கல்யாணமானவனான்னு அந்த கேட்ல எவனுக்கும் தெரியாது.

தாடி கதைக்கு வர்றேன். ரெண்டு கேஸ் இருக்கு. 2016 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட், ஏர்ஃபோர்ஸ்ல தாடி வெச்சதுக்காக வேலைல இருந்து அனுப்பப்பட்ட ஒரு முஸ்லிம் வீரரோட மனுவ தள்ளுபடி பண்ணுச்சு. அங்க விதி என்னன்னா, முடி வெட்டவோ ஷேவ் பண்ணவோ கூடாதுன்னு மதமே தடுத்திருந்தாதான் விலக்கு. இஸ்லாம் அப்படி தடுக்குதுன்னு நிரூபிக்கலன்னுட்டாங்க. அப்புறம் 2024 ஜூலைல ஹைகோர்ட் மதுரை கிளை, மெக்கா போயிட்டு தாடியோட வந்ததுக்கு இன்க்ரிமென்ட் நிறுத்துன ஒரு போலீஸ்காரரோட தண்டனைய ரத்து பண்ணுச்சு. ஏன்னா 1957 மெட்ராஸ் போலீஸ் கெசட்லயே முஸ்லிம் போலீஸ்காரங்க தாடி வெச்சுக்கலாம்னு இருக்கு. ஒரே தாடி, ரெண்டு முடிவு, எழுதி வெச்ச வரி வேற, அவ்வளவுதான். கோர்ட்டுக்கு முன்னாடி இருக்கறது அந்த வரி, அத வெச்சுதான் பாக்க முடியும். ஆனா கம்பெனில இருக்கற நாம ஏன் "உங்க மதம் இத கட்டாயம்னு சொல்லுதா, எந்த புக்ல இருக்கு"ன்னு கேட்டுட்டு இருக்கணும்? எச்ஆருக்கு எதுக்கு அந்த மௌலவி வேலை?

எங்க லைன்ல தாடின்னா தாடி நெட், முடிஞ்சுது. தொழுகைக்காரர் தாடி, மாலை போட்ட சாமி தாடி, லவ் ஃபெயிலியர் தாடி எல்லாத்துக்கும் ஒரே நெட். ஏன் வெச்சிருக்கேன்னு யாரும் கேட்டதில்ல. ஆனா இதுக்கும் ஒரு எல்லை இருக்கு, அதையும் மறைக்க மாட்டேன். நான் முன்னாடி இருந்த ஐஸ்க்ரீம் யூனிட்ல கூலிங்குக்கு அமோனியா. லீக் ஆனா முகத்த முழுசா மூடற மாஸ்க் போட்டுட்டு சிலிண்டரோட உள்ள போற டீம் ஒண்ணு இருக்கும். மாஸ்க் ரப்பர் முகத்தோட ஒட்டற இடத்துல முடி இருந்தா அந்த இடுக்குல கேஸ் உள்ள வந்துரும், ரெண்டு மூணு நாள் முடியே போதும். அங்க தாடியோட ஒருத்தர அனுப்ப முடியாது. அதுக்காக வேலைய விட்டு தூக்கறதா? அந்த டீம்ல இருந்து எடுத்து, அதே சம்பளத்துல, கேட்ல ஆள் கணக்கு எடுக்கற பொறுப்ப கொடுத்தாங்க. எமர்ஜென்சில அதுவும் முக்கியமான வேலைதான்.

மாலை போட்டவங்க செருப்பு விஷயமும் இந்த மாதிரிதான், இதுல நான் இறங்கி வர மாட்டேன். பேலட் ட்ரக் ஓடற இடத்துல, பிஸ்கட் வேகற ஓவன் பக்கத்துல, வெறுங்கால்ல யாரும் நிக்கக்கூடாது. சாமிங்க பெரும்பாலும் கேட் வரைக்கும் வெறுங்கால்ல வந்து, உள்ள ஷூ போட்டுக்கறாங்க, ஷிப்ட் முடிஞ்சா கழட்டிடறாங்க. ஒத்துக்காத ஒண்ணு ரெண்டு பேருக்கு கார்த்திகை, மார்கழி ரெண்டு மாசமும் ஸ்டோர் ஆபீஸ்ல ரெக்கார்ட் வேலை. ஆனா ரிசப்ஷன்ல உக்காந்திருக்கற பொண்ணுகிட்ட "பூ வெக்காதே, பட்டையா விபூதி பூசாதே, ஸ்கார்ஃப் கட்டாதே, புரொஃபஷனலா இல்ல"ன்னு சொல்றாங்களே, அங்க எந்த மாவு கெட்டுப்போகுது, எந்த ரோலர் சுத்துது? அங்க எதுக்குன்னு கேட்டா "இமேஜ்"னு பதில் வரும். எனக்கு அது பதிலே இல்ல.

இதுல உச்சம் என்ன தெரியுமா. கான்ட்ராக்ட் பொண்ணு மூக்குத்திய டேப் போட்டு ஒட்டிட்டு உள்ள போகுது, பின்னாடியே பெரிய சார் ஒருத்தர் விசிட்டர் கோட்ட மாட்டிட்டு வாட்ச், ரெண்டு விரல்ல ராசிக்கல் மோதிரத்தோட மிக்ஸர் வரைக்கும் போய் எட்டிப் பாப்பாரு. அந்த மோதிரத்த கழட்டச் சொல்ற சூப்பர்வைசர் யாராச்சும் உங்க கம்பெனில இருந்தா சொல்லுங்க, எங்க இடத்துல ஆள் தேவைப்படுது.