பூமிக்குள் நிலைக்காந்தம் இல்லை

“பூமிக்கு நடுவில் பெரிய இரும்புக் காந்தம் இருக்கு, அதான் காம்பஸ் வடக்கே காட்டுது.”

இல்லைங்க. இரும்பை 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அதன் நிலையான காந்தத்தன்மை போய்விடும், பூமியின் கருவோ பல ஆயிரம் டிகிரி, அங்கே நிலைக்காந்தம் எப்படி இருக்கும்?

பூமியின் காந்தப்புலத்துக்கு, கருவின் திடமான நடுப்பகுதியான உள்கரு சுழல்வதுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். பாதி சரி, சுழற்சிக்குப் பங்கு உண்டு. ஆனால் வேலை நடப்பது சுமார் 2,900 கி.மீ. ஆழத்தில் தொடங்கும் வெளிக்கருவில், அங்கே இரும்பு உருகிய திரவம். உள்கரு மெல்ல உறையும்போது வெளியேறும் லேசான தனிமங்கள் மேலே எழ, வெப்பமும் சேர்ந்து அந்தத் திரவத்தைக் கலக்குகிறது, பூமியின் சுழற்சி அந்த ஓட்டத்தைத் திருகிவிடுகிறது. மின்சாரம் கடத்தும் திரவம் ஏற்கெனவே உள்ள காந்தப்புலத்தினூடே ஓடும்போது அதில் மின்னோட்டம் உண்டாகும், அந்த மின்னோட்டம் புலத்தை மறுபடி வளர்க்கும். இந்த ஓட்டம் நின்றால் புலம் சில பத்தாயிரம் ஆண்டுகளில் தேய்ந்துவிடும், ஆனால் 300 கோடி ஆண்டுக்கும் பழைய பாறைகளிலேயே அதன் தடம் பதிந்திருக்கிறது. உள்கரு உறையத் தொடங்கும் முன் எது அதை ஓட்டியது என்பதில் இன்னும் விவாதம் இருக்கிறது.

ஊசி இந்தப் புலத்தின் திசையில் நிற்கிறது, அவ்வளவுதான். அது நேர் வடக்காகவும் இருக்காது, எவ்வளவு விலகும் என்பது ஊருக்கு ஊர் மாறும்.

அப்புறம், போன் காம்பஸை ஸ்கூட்டர் மேல் வைத்தால் ஊசி சுற்றுகிறதா? அது வண்டி இரும்பின் வேலை, நாலடி தள்ளி நின்று பாருங்கள்.