என் மகன் நெஞ்சை உங்கள் வாதத்துக்குச் சாட்சியாக இழுக்காதீர்கள்

சனிக்கிழமை சாட்ஸ்வொர்த்தில் கருமாதி வீட்டில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். இருபத்து நாலு வயதுப் பையன் போய்விட்டான். அவன் அம்மா காதில் விழும்படி ஒருவர், "எல்லாம் அந்த ஊசிதான்" என்றார். பையன் கொரோனா ஊசி போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. அப்புறம் என்னைக் காட்டி, "இவர் மகனுக்கும் வந்ததே, கேளுங்கள்" என்றார்.

சரி, நானே சொல்கிறேன். வந்தது, இதயத் தசை வீக்கம். 2021 அக்டோபரில், ஃபைசர் இரண்டாவது டோஸ் போட்ட மூன்றாம் நாள் ராத்திரி, பத்தொன்பது வயது மகன் கட்டிலில் படுக்க முடியாமல் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். மூச்சை இழுத்தால் நெஞ்சு குத்துகிறது என்றான். ஈசிஜியில் மாற்றம் இருந்தது. ரத்தத்தில் ட்ரோபோனின் ஏறியிருந்தது. இதயத் தசை அடிபட்டால் கசியும் புரதம் அது. இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்து, வலிக்கும் வீக்கத்துக்கும் மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் பந்து விளையாடக் கூடாது என்றார்கள்.

ஆக, ஆபத்தே இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. இளம் ஆண்களுக்கு, அதிலும் இரண்டாவது டோஸுக்குப் பிறகு, பெரும்பாலும் முதல் வாரத்துக்குள் இது வரும். அமெரிக்காவில் 16, 17 வயதுப் பையன்களில் பத்து லட்சம் இரண்டாம் டோஸுக்குச் சுமார் 106 பேருக்கு வந்தது. நம் தென்னாப்பிரிக்க அரசும் இதை மறைக்கவில்லை. 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு முதலில் ஒரே டோஸ் போதும் என்று வைத்ததே இந்தப் பயத்தால்தான்.

"அப்படியென்றால் கொரோனாவே வந்துவிட்டுப் போகட்டுமே" என்பீர்கள். என் அண்ணன் மகனுக்கு அப்படித்தான் வந்தது, 2021 ஜூலை டெல்டா அலையில், ஊசிக்கு முன்னால். அதே இதய வீக்கம்தான், ஆனால் ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. மாடிப்படி ஏற மாதக்கணக்கில் திணறினான். இஸ்ரேலில் பதினாறு வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது, ஃபைசர் ஊசியால் லட்சத்துக்கு ஏறக்குறைய மூன்று பேருக்குக் கூடுதலாக வந்தது, தொற்றால் பதினொன்று.

இளைஞர்களை மட்டும் எடுத்தால் அந்த இடைவெளி சுருங்கும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். இங்கிலாந்தில் நாற்பது வயதுக்குக் குறைந்த ஆண்களுக்கு மாடர்னா இரண்டாம் டோஸில் கணக்கு தலைகீழாகவே போனது. ஆனால் மாடர்னா இங்கே போடப்படவில்லை. தொற்று இதயத்தோடு நிற்பதும் இல்லை. நுரையீரல், ரத்தக்கட்டு என்று போகும். அவை இந்த ஒற்றை ஒப்பீட்டுக்குள் வராது.

"உன் பையன் பிழைத்தான், அதனால் பேசுகிறாய்" என்று ஒருவர் எழுதுவார். ஊசிக்குப் பின் இது வந்தவர்களில் பெரும்பாலோர் தேறினார்கள் என்பதால் பேசுகிறேன். ஊசி போட்ட முதல் வாரத்தில் நெஞ்சு வலித்தால், மூச்சு முட்டினால், படபடத்தால், அன்றே ட்ரோபோனின் பார்க்கச் சொல்லுங்கள். அதைச் சொல்லியிருந்தால் உங்களைக் கும்பிட்டிருப்பேன். இரண்டு வருஷம் கழிந்த சாவுக்குக் காரணம் கேட்க ஒரு தாயின் முன்னால்தானா நிற்க வேண்டும்? என் பிள்ளை எனக்குச் சொன்ன வலியை என்னைக் கேட்காமல் எடுத்து அவள் மடியில் போட்டீர்களே.

இனி அவனைப் பற்றிப் பேசினால், ஞாயிறுதோறும் பந்தாடப் போகிறான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.