‘வை’ என்றால் ‘மேக்’ அல்ல

கொடைக்கானலில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் வெளிநாட்டு விருந்தினருக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: “ஐ வில் மேக் தி டிரைவர் டு பிக் யூ அப்.” கோடை ரோடு ஸ்டேஷனுக்கு டிரைவரை அனுப்பி உங்களைக் கூட்டி வரச் சொல்கிறேன் என்பதுதான் சொல்ல வந்தது. படிக்கிற விருந்தினருக்கோ, வர மறுக்கும் டிரைவரைக் கட்டாயப்படுத்தி அனுப்புவதாகத் தோன்றும். இதில் எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். ‘செய்ய வைத்தான் என்றால் மேட் ஹிம் டூ’ என்று ஒற்றை வரியில் நடத்திவிட்டுப் போகும் பாடத்தின் மீதுதான் என் கோபம்.

அந்த வாக்கியத்தில் பிழை இரண்டு. சிறியது அந்த ‘டு’. ‘செய்ய’ என்றால் ‘டு டூ’ என்று பழகியதால் அது தானாக ஒட்டிக்கொள்கிறது. மேக், ஹேவ் இரண்டிலும் ஆளுக்குப் பின்னால் வெறும் வினைதான் வரும். செயப்பாட்டுக்கு மாற்றினால் மட்டும் ‘டு’ திரும்பி வரும்: “ஹி வாஸ் மேட் டு வெயிட்.” ஹேவுக்கு இந்தச் செயப்பாட்டு வடிவமே கிடையாது.

பெரிய பிழை சொல் தேர்வில். தமிழின் ‘வை’ மிகவும் அகலமானது. அழ வைத்தான், சிரிக்க வைத்தான், கையெழுத்துப் போட வைத்தான், சோற்றை வேக வைத்தான் என்று கட்டாயம், தூண்டல், ஏற்பாடு எல்லாவற்றுக்கும் அது போதும். ஆங்கிலம் இதைப் பிரித்துவிடுகிறது. ஒருவர் விருப்பத்தை மீறிச் செய்தாலோ, அழுகை, சிரிப்பு போல அவரை அறியாமல் வந்தாலோ மேக். அவருடைய வேலையே அதுதான், நாம் சொன்னால் செய்வார் என்றால் ஹேவ். ஆகவே “ஐ வில் ஹேவ் தி டிரைவர் பிக் யூ அப்.” நம் சொல்லுக்குக் கட்டுப்படாதவரைக் கேட்டு, பேசி இணங்க வைத்தால் கெட், அங்கே ‘டு’ உண்டு.

அப்படியானால் ஹேவுக்குப் பக்கத்தில் நிற்கும் தமிழ் எது? ‘வரச் சொல்கிறேன்’ என்பதுதான் என்பேன். ஆனால் ஓரிடத்தில் அது வழுக்கும். “கவாத்து வெட்டச் சொன்னேன், அவர் வெட்டவில்லை” என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஹேவ் போட்டு அப்படிச் சொல்ல முடியாது. “ஐ ஹேட் ஹிம் ப்ரூன்” என்றாலே வெட்டி முடிந்தது என்று பொருள். சொன்னதோடு சரி என்றால் டோல்ட் போதும்.

இனி ஆளே தெரியாத வாக்கியம். கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தோட்ட முதலாளி “போன மாசம் கவாத்து வெட்டினேன்” என்றால், அவரே கத்தி பிடித்தார் என்று யாரும் நினைப்பதில்லை. அழுத்திச் சொல்ல வேண்டுமானால் “ஆள் விட்டு வெட்டினேன்” என்பார். ‘முருகனைச் செடியை வெட்ட வைத்தேன்’ என்று இரண்டு ஐகாரத்தை அடுக்கினால் காதில் உறுத்தும். நம் பேச்சு அதைத் தவிர்க்கக் கண்ட வழிதான் இந்த ‘ஆள் விட்டு’. ஆங்கிலத்தில் இதற்கு நேர் இணை “ஐ ஹேட் தி புஷஸ் ப்ரூண்ட்”: முதலில் பொருள், பிறகு வினையின் மூன்றாம் வடிவம். “ஐ ப்ரூண்ட் தி புஷஸ்” என்று எழுதினால், அவரே வெட்டினார் என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள்.

பொருள்களுக்கு வந்தால் நிலைமை தலைகீழ். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டுகிறார்கள், உருட்டுகிறார்கள், நொதிக்க வைக்கிறார்கள், உலர்த்துகிறார்கள். வாடு வாட்டு ஆனது, உருள் உருட்டு ஆனது, உலர் உலர்த்து ஆனது. தன்வினை உடலுக்குள்ளேயே பிறவினையாக மாறிவிட்டது. மூன்றிலும் காற்றோ இயந்திரமோ சூடோ வெளியிலிருந்து கொழுந்தின் மேல் வேலை செய்கிறது. நொதித்தலில் அப்படியில்லை. பரப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும், நொதிப்பது இலையே. அதற்கு ‘வை’ எவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்! ‘வாட்டினார்’ என்பதை ‘வாட விட்டார்’ என்று மாற்றினால் கவனக்குறைவால் இலை கெட்டது என்றாகிவிடும். இந்த நுட்பம் எதுவும் ஆங்கில வினையில் தெரியாது. விதர், ரோல், ஃபெர்மென்ட், டிரை நான்கும் தன்வினைக்கும் பிறவினைக்கும் ஒரே வடிவம். மேக், ஹேவ் எதுவும் வேண்டாம். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் வெறும் ‘பாயில்’தான்.

நன்னூல் சொல்லும் வி, பி விகுதிகளையும் இங்கே குழப்பிக்கொள்கிறார்கள். செய்வி, நடப்பி போன்றவை பேச்சில் அநேகமாக இல்லை. நிலைத்துப்போன அறிவி, கற்பி போன்றவை தனிச் சொற்களாகிவிட்டன. கற்பித்தார் என்பதை ‘மேட் தெம் லேர்ன்’ என்று பிள்ளைகள் எழுதுவது இதனால்தான். அங்கே ‘டாட்’ என்ற ஒரே சொல் போதும்.

பாடம் நடத்துகிறவர்கள் மேக் என்று தொடங்காமல், அந்த ஆள் விரும்பிச் செய்தாரா, வேலையாகச் செய்தாரா, தன்னையறியாமல் செய்தாரா என்று முதலில் தமிழிலேயே கேட்கட்டும். கோடை ரோட்டில் காத்திருக்கும் டிரைவர் தன் வேலையாகத்தான் வந்து நிற்கிறார்.